சாயம் ஏற்றாமல், உயிரோடு: பேஸ் கான்ட்ராஸ்டிலும் டார்க் ஃபீல்டிலும் பாக்டீரியாவைப் பார்க்க ஒரு வழிகாட்டி

முதுகலை நுண்ணுயிரியல் முதல் பருவத்தில், நீந்தும் பாக்டீரியாவை ஒரே ஒரு முறை கண்ணால் பார்த்துவிட எனக்குப் பதினேழு நாள் ஆனது. நுண்ணோக்கி நன்றாகத்தான் இருந்தது. மாதிரியிலும் குறையில்லை. விளக்கொளியை மாதிரியின் மேல் குவிக்கும் கண்டென்சருக்கு அடியில் இருந்த ஒரு வளையம் மட்டும் தவறான எண்ணில் நின்றுகொண்டிருந்தது. அதை யாரும் சொல்லித்தரவில்லை. செய்முறைக் குறிப்பேட்டிலும் "பேஸ் கான்ட்ராஸ்டில் பார்க்கவும்" என்ற ஒரு வரிதான். அந்த ஒரு வரிக்குள் என்னென்ன இருக்கிறது என்பதை இங்கே எழுதுகிறேன். இதன்படி செய்தால் திங்கட்கிழமை தொடங்கி வியாழக்கிழமைக்குள் பார்த்துவிடலாம்.

தொடங்கும் முன் ஒன்று புரிந்திருந்தால் மற்றதெல்லாம் எளிது. சாயம் ஏற்றாத பாக்டீரியா கிட்டத்தட்ட கண்ணாடி மாதிரி. ஒளியை அது விழுங்குவதில்லை. தன் வழியாகப் போகும் ஒளியைக் கொஞ்சம் தாமதப்படுத்துகிறது, கொஞ்சம் சிதறடிக்கிறது, அவ்வளவுதான். நம் கண்ணுக்குத் தாமதம் தெரியாது. அந்தத் தாமதத்தை இருட்டு வெளிச்ச வேறுபாடாக மாற்றிக் காட்டுவது பேஸ் கான்ட்ராஸ்ட். நேராக வரும் ஒளியை முழுக்க மறைத்துவிட்டு, சிதறிய ஒளியை மட்டும் கண்ணுக்கு அனுப்புவது டார்க் ஃபீல்டு. முதலாவதில் சாம்பல் பின்னணியில் கறுத்த பாக்டீரியா தெரியும். இரண்டாவதில் கறுப்பு வானத்தில் ஒளிரும் பாக்டீரியா.

1. திங்கள் காலை: வைக்கோல் நீர் போடுங்கள்

முதல் முயற்சிக்கு வைக்கோலைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியவில்லை. அதில் பேசில்லஸ் இனப் பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். பேசில்லஸ் சப்டிலிஸுக்கு வைக்கோல் பேசில்லஸ் என்றே ஒரு பழைய பெயர் உண்டு. கொதிநீரில் மற்ற பாக்டீரியா செத்துவிடும், இந்த வித்துகள் தாங்கிக்கொள்ளும். ஆறிய பிறகு அவை முளைத்து, போட்டியே இல்லாமல் பெருகும்.

ஒரு கைப்பிடி உலர்ந்த வைக்கோலைச் சிறிதாக நறுக்கி, 200 மில்லி நீரில் போட்டு 10 நிமிடம் கொதிக்க விடுங்கள். அந்த நீரைச் சுத்தமான குடுவையில் வடித்து, வாயைப் பஞ்சால் தளர்வாக மூடி, அறை வெப்பத்தில் வையுங்கள். குடுவையில் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம், இந்தப் பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் மறுநாளே நீர் கலங்கிவிடும். அதன் பிறகு மேலே பாலாடை போல ஒரு தோல் படியும்.

நாளைக் கணக்கில் வையுங்கள். நீச்சல் பார்க்க வேண்டுமானால் கலங்கத் தொடங்கிய முதல் நாள், அதாவது செவ்வாய் மாலை. வித்து பார்க்க வேண்டுமானால் வியாழன். ஒரு வாரம் கழித்துக் குடுவையைத் திறந்துவிட்டு "எதுவுமே நீந்தவில்லையே" என்று நொந்துகொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வயதில் பெரும்பாலானவை வித்தாகியிருக்கும், வித்து நீந்தாது.

ஒரு எச்சரிக்கை: கொதித்ததால் இது சுத்தமான நீர் என்று எண்ணாதீர்கள். உணவை நஞ்சாக்கும் பேசில்லஸ் சீரியஸும் இதே வழியில் பிழைத்து வளரக்கூடும். கையுறை போடுங்கள், முகர்ந்து பார்க்காதீர்கள், சாப்பாட்டு மேசைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

2. அதே நாளில்: அனுமதி, பதிவேடு, பெட்டி

குடுவை கலங்குவதற்குள் தாள் வேலையை முடித்துவிடுங்கள். பேஸ் கான்ட்ராஸ்ட் கருவி பெரும்பாலும் துறைக்கு ஒன்றுதான் இருக்கும், அதுவும் ஆராய்ச்சி மாணவர்கள் கையில். பயன்பாட்டுப் பதிவேட்டில் இரண்டு மணி நேரமாகக் குறித்து வாங்குங்கள். ஒரு மணி நேரம் போதாது, முதல் முறை வளையத்தைச் சரிசெய்யவே அரை மணி ஓடிவிடும். மாலை ஐந்துக்கு மேல் தேவைப்பட்டால் துறைத்தலைவர் கையெழுத்துடன் கடிதம் கேட்பார்கள். அந்தக் கையெழுத்துக்காக நான் மூன்று நாள் அலைந்தேன், அதற்குள் என் முதல் குடுவை முழுக்க வித்தாகிவிட்டது. எனவே கடிதம் தேவைப்படும் என்றால் அதை முதலில் வாங்குங்கள், வைக்கோல் பிறகு.

கடிதத்தோடு சேர்த்து இன்னொன்றும் கேளுங்கள். கருவியுடன் வந்த மரப்பெட்டி அல்லது பிளாஸ்டிக் பெட்டி ஸ்டோர் அறையில் இருக்கும். அதற்குள், கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸ் போலவே தோற்றமளிக்கும் ஒரு குட்டித் தொலைநோக்கி இருக்கும். சென்டரிங் டெலஸ்கோப் என்பார்கள். அது இல்லாமல் வளையத்தைச் சரிசெய்ய முடியாது. சில கருவிகளில் அதற்குப் பதிலாக உள்ளேயே பெர்ட்ராண்ட் லென்ஸ் இருக்கும், ஒரு குமிழைத் திருப்பினால் போதும்.

செலவு பெரிதாக ஒன்றுமில்லை. கவர் ஸ்லிப், வாசலின், கறுப்பு சார்ட் தாள், ஒளி ஊடுருவும் பழைய ஓ.எச்.பி. ஷீட் எல்லாம் சேர்த்து எனக்கு 200 ரூபாய்க்குள் முடிந்தது. கவர் ஸ்லிப்பில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள். மாதிரிக்கு அருகே இருக்கும் லென்ஸான அப்ஜெக்டிவ் மீது 0.17 என்று பொறித்திருப்பது அதற்கு வேண்டிய கவர் ஸ்லிப் தடிமன், மில்லிமீட்டரில். கடையில் "ஒன்றரை நம்பர்" என்று கேட்டு வாங்குங்கள்.

3. ஸ்லைடு: சொட்டு சிறியதாக இருக்கட்டும்

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். டிராப்பரில் ஒரு சொட்டு விட்டால் ஏறத்தாழ 50 மைக்ரோலிட்டர் விழும். அதன் மேல் 18 மில்லிமீட்டர் சதுர கவர் ஸ்லிப்பை வைத்தால் அது மிதக்கும். அடியில் இருக்கும் நீரின் ஆழம் 150 மைக்ரோமீட்டரைத் தொடும். 2, 3 மைக்ரோமீட்டர் நீளமுள்ள பாக்டீரியாவுக்கு அது கிணறு. நீங்கள் பார்க்கும் மட்டத்துக்கு மேலும் கீழும் நூற்றுக்கணக்கானவை மங்கலாகக் கிடந்து படத்தையே கலக்கிவிடும். பேஸ் கான்ட்ராஸ்டுக்குத் தடித்த மாதிரி ஆகவே ஆகாது.

பிப்பெட்டில் 5 மைக்ரோலிட்டர் மட்டும் எடுங்கள். அதே கவர் ஸ்லிப்புக்கு அடியில் ஆழம் 15 மைக்ரோமீட்டராக இறங்கிவிடும். மேலே படிந்த தோலைக் கலைக்காமல், அதற்குச் சற்றுக் கீழே இருக்கும் நீரை எடுங்கள். கவர் ஸ்லிப்பின் ஒரு விளிம்பை முதலில் தொட வைத்து மெல்லச் சாய்த்து இறக்குங்கள். சின்னக் காற்றுக்குமிழி ஒன்று சிக்கினால் இருக்கட்டும், அது பின்னால் உதவும்.

நான்கு விளிம்பிலும் தீக்குச்சி நுனியால் வாசலின் தடவி அடைத்துவிடுங்கள். அடைக்காவிட்டால் நீர் ஆவியாகி உள்ளே ஓட்டம் உண்டாகும், எல்லாம் ஆற்றுவெள்ளத்தில் போவது போல ஒரே பக்கம் ஓடும். நகப்பூச்சு வேண்டாம். அதன் கரைப்பான் உள்ளே கசிந்தால் உயிரோடு இருப்பவை அப்படியே நின்றுவிடும்.

4. வளையத்தைப் பொருத்துதல்: நான் பதினேழு நாள் தொலைத்த இடம்

பேஸ் அப்ஜெக்டிவின் உடலில் பிஎச் என்ற எழுத்துகளும் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். பல கருவிகளில் 10 மடங்குக்கு பிஎச் 1, 40 மடங்குக்கு பிஎச் 2, 100 மடங்குக்கு பிஎச் 3. கண்டென்சருக்கு அடியில் சுழலும் தட்டில் இதே எண்களோடு வளையத் துளைகள் இருக்கும். அப்ஜெக்டிவில் எந்த எண்ணோ, தட்டிலும் அதே எண் நிற்க வேண்டும். 40-லிருந்து 100-க்கு மாறும்போது அப்ஜெக்டிவை மட்டும் திருப்பிவிட்டுத் தட்டை மறந்துவிடுவோம். என் கருவியில் நடந்தது அதுதான். தட்டு பிஎச் 2-இலேயே நிற்க, நான் நாள் தவறாமல் மாதிரியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு மாலை ஆய்வக உதவியாளர் அக்கா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, "கீழ இருக்கற நம்பரப் பாத்தியாப்பா?" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை.

வரிசை இப்படி:

முதலில் 10 மடங்கில் கவர் ஸ்லிப்பின் விளிம்பைக் குவியுங்கள். சாயமில்லாத மாதிரியில் நேரடியாகப் பாக்டீரியாவைத் தேடினால் குவியத் தளமே கிடைக்காது; விளிம்போ காற்றுக்குமிழியோ கிடைத்தால் போதும். பிறகு விளக்கின் மேலுள்ள ஃபீல்டு டயாஃப்ரத்தைச் சுருக்கி, அதன் ஓரம் கூர்மையாகத் தெரியும்வரை கண்டென்சரை ஏற்றி இறக்கி, நடுவுக்குக் கொண்டுவந்து, மீண்டும் திறந்துவிடுங்கள். கண்டென்சர் உயரம் சரியில்லாமல் வளையம் பொருந்தாது.

அடுத்து வேண்டிய பேஸ் அப்ஜெக்டிவுக்கு மாறுங்கள். 100 மடங்கு என்றால் கவர் ஸ்லிப் மேல் ஒரு சொட்டு இமர்ஷன் எண்ணெய். தட்டையும் அதே எண்ணுக்குத் திருப்புங்கள். கண்டென்சர் டயாஃப்ரம் முழுக்கத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பாதி மூடியிருந்தால் ஒளி வளையமே வெட்டுப்பட்டுப்போகும்.

இப்போது ஒரு ஐபீஸைக் கழற்றி சென்டரிங் டெலஸ்கோப்பைச் செருகி, அதன் தலையைத் திருகிக் குவியுங்கள். இரண்டு வளையங்கள் தெரியும். ஒன்று பளிச்சென்ற வெள்ளை, அது கண்டென்சரிலிருந்து வருவது. மற்றது கறுத்தது, அது அப்ஜெக்டிவுக்குள்ளேயே இருப்பது. கண்டென்சரின் இரண்டு திருகுகளைத் திருகி, வெள்ளை வளையம் முழுவதும் கறுப்பு வளையத்தின் மேல் உட்காரும்வரை நகர்த்துங்கள். ஒரு பிறைத் துண்டு வெள்ளை வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் படம் வெளிறிவிடும், பாக்டீரியாவின் ஒரு பக்கம் மட்டும் நிழல் விழுந்தது போலத் தெரியும். வெள்ளை வளையம் கறுப்பைவிடப் பெரியதாகவோ சிறியதாகவோ இருந்தால் எவ்வளவு திருகினாலும் பொருந்தாது. எண் தவறு, அல்லது அப்ஜெக்டிவ் ஒரு நிறுவனத்தினுடையது, கண்டென்சர் வேறொன்றினுடையது. திருகோடு போராடுவதை நிறுத்திவிட்டு அதைச் சரிபாருங்கள்.

டெலஸ்கோப்பை எடுத்துவிட்டு ஐபீஸைப் போடுங்கள். பச்சை வடிகட்டி இருந்தால் அதையும் வையுங்கள். பேஸ் அப்ஜெக்டிவுகள் பெரும்பாலும் பச்சை ஒளிக்கென்றே கணக்கிட்டுச் செய்யப்பட்டவை. ஒவ்வொரு அப்ஜெக்டிவுக்கும் இந்தப் பொருத்தலைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

5. செவ்வாய் மாலை: நீச்சலா, நடுக்கமா, ஓட்டமா?

எல்லாம் சரியாக இருந்தால் சாம்பல் பின்னணியில் கறுத்த சிறு குச்சிகள் தெரியும். ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய ஒளிவட்டம் இருக்கும். அது பாக்டீரியாவின் உறை அல்ல, பேஸ் கான்ட்ராஸ்ட் முறையே உண்டாக்குவது. அதைக் கேப்சூல் என்று குறிப்பேட்டில் எழுதி மதிப்பெண் இழந்தவர்கள் என் வகுப்பிலேயே இருவர்.

அசைவதெல்லாம் நீச்சல் அல்ல. எல்லாம் ஒரே திசையில், ஒரே வேகத்தில் போனால் அது நீரோட்டம். இருந்த இடத்திலேயே நடுங்கினால் அது பிரௌனியன் அசைவு. செத்த பாக்டீரியாவும் தூசியும்கூட அப்படித்தான் நடுங்கும். உண்மையில் நீந்துபவை அருகருகே இருந்தாலும் வெவ்வேறு திசையில் போகும். பேசில்லஸ் கொஞ்ச தூரம் நேராகப் பாயும், நின்று ஒரு புரளல் புரளும், வேறு திசையில் மறுபடி பாயும்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஐபீஸில் ஃபீல்டு எண் 18 என்றிருந்தால், 100 மடங்கு அப்ஜெக்டிவில் நீங்கள் பார்க்கும் வட்டத்தின் விட்டம் 18-ஐ 100-ஆல் வகுத்த 0.18 மில்லிமீட்டர், அதாவது 180 மைக்ரோமீட்டர். ஒரு குச்சி வட்டத்தின் நடுவிலிருந்து விளிம்புவரை 5 நொடியில் போனால் அது 90 மைக்ரோமீட்டர், நொடிக்கு 18. ஸ்டாப் வாட்சோடு பத்துக் குச்சிகளைத் தொடர்ந்தால் உங்கள் குறிப்பேட்டில் ஓர் உண்மையான அளவீடு இருக்கும். நேராகப் போனவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் போனதைத்தான் இது அளக்கிறது, ஆழத்தில் இறங்கியதை அல்ல.

சிறிது நேரத்தில் ஸ்லைடின் நடுவில் இருப்பவை சோர்ந்து நின்றுவிடும். கவர் ஸ்லிப்புக்கு அடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. இப்போது அந்தக் காற்றுக்குமிழியைத் தேடிப் போங்கள். குமிழியின் ஓரத்தில் குச்சிகள் திருவிழாக் கூட்டம் போல மொய்த்துக்கொண்டிருக்கும், அங்கே நீச்சலும் நிற்காமல் நடக்கும். இறந்து சாயமேற்றிய ஸ்லைடில் இதை எந்த நாளும் பார்க்க முடியாது.

6. வியாழன்: வித்தைக் கண்டுபிடிப்பது

அதே குடுவையிலிருந்து புதிய ஸ்லைடு போடுங்கள், இம்முறை மேல் தோலின் ஒரு துணுக்கையும் நீரில் கரைத்து எடுங்கள். கறுத்த குச்சிகளுக்குள் பளீரென்று ஒளிரும் முட்டை வடிவப் புள்ளிகள் இருக்கும். அவைதான் வித்துகள். வித்துக்குள் நீர் மிகக் குறைவு, அதனால் ஒளி அதற்குள் அதிகம் தாமதமாகிறது. அதுவே கறுப்பாகத் தெரியாமல் பளிச்சென்று தெரியக் காரணம். குச்சியிலிருந்து விடுபட்டுத் தனியாகக் கிடக்கும் வித்துகளும் இருக்கும்.

குழப்பம் வரக்கூடிய இடம் ஒன்று உண்டு. சில பேசில்லஸ் இனங்களில் உள்ளே சேமித்துவைத்த கொழுப்பு போன்ற மணிகளும் ஒளிரும். ஒரு குச்சிக்கு ஒன்றே ஒன்று, ஓரம் கூர்மையான முட்டை வடிவம் என்றால் வித்து. ஒரே குச்சியில் இரண்டு மூன்று சிறு மணிகள், அளவும் ஒன்றுபோல் இல்லை என்றால் சேமிப்பு மணிகள். இதே ஸ்லைடை டார்க் ஃபீல்டில் பார்த்தால் குச்சியின் விளிம்பும் வித்தும் எல்லாமே ஒளிரும், உள்ளே இருப்பதைப் பிரித்துச் சொல்வது கடினம். உள்ளமைப்புக்குப் பேஸ் கான்ட்ராஸ்ட் என்று நான் முடிவு செய்தது இதைப் பார்த்த பிறகுதான்.

7. டார்க் ஃபீல்டு: பத்து ரூபாய்க் கறுப்பு வட்டம்

பேஸ் கருவிக்கு இடம் கிடைக்காதவர்கள் சாதாரண மாணவர் நுண்ணோக்கியிலேயே இதைச் செய்யலாம். நிபந்தனை ஒன்றுதான்: விளக்கிலிருந்து வரும் ஒளி அப்ஜெக்டிவுக்குள் நேராக நுழையவே கூடாது. நடுப்பகுதியைக் கறுப்பு வட்டத்தால் மறைத்தால், சாய்ந்த ஒளி மட்டும் மாதிரியில் விழுந்து அப்ஜெக்டிவுக்கு வெளியே போய்விடும். பாக்டீரியாவில் பட்டுச் சிதறியது மட்டும் உள்ளே வரும்.

வட்டம் எவ்வளவு பெரியது? அதைக் கருவியே சொல்லும். 40 மடங்கு அப்ஜெக்டிவில் ஒரு ஸ்லைடைக் குவித்துவிட்டு ஐபீஸைக் கழற்றிக் குழாய்க்குள் பாருங்கள். கண்டென்சர் டயாஃப்ரத்தை மெல்ல மூடிக்கொண்டே வாருங்கள். அதன் ஓரம் ஒளிவட்டத்தின் ஓரத்தை மிகச் சரியாகத் தொடும் இடத்தில் நிறுத்தி, கீழிருந்து டயாஃப்ரத்தின் திறப்பை அளவுகோலால் அளங்கள். எனக்கு 14 மில்லிமீட்டர் வந்தது. அதைவிடச் சற்றுப் பெரியதாக, 16 மில்லிமீட்டரில், கறுப்புத் தாளை வட்டமாக வெட்டினேன். வடிகட்டித் தாங்கியின் அளவுக்கு ஓ.எச்.பி. ஷீட்டை வெட்டி, அதன் சரியான நடுவில் ஒட்டி, கண்டென்சருக்கு அடியில் வைத்தேன். உங்கள் கண்டென்சருக்கு அளவு மாறும், அளந்தே வெட்டுங்கள்.

வைத்தபின் டயாஃப்ரத்தை முழுக்கத் திறக்க வேண்டும், விளக்கை முழு ஒளியில் வைக்க வேண்டும், கண்டென்சர் மேலே இருக்க வேண்டும். பின்னணி கறுப்பாக இல்லாமல் சாம்பலாக இருந்தால் வட்டம் நடுவில் இல்லை, அல்லது சிறியது. மொத்தமும் இருண்டு ஒன்றுமே தெரியாவிட்டால் டயாஃப்ரம் மூடியிருக்கிறது.

100 மடங்கு எண்ணெய் அப்ஜெக்டிவில் இந்தத் தாள் வட்டம் வேலை செய்யாது. அந்த அப்ஜெக்டிவ் அவ்வளவு அகன்ற கோணத்தில் ஒளியை வாங்கிக்கொள்ளும். அதற்குக் கண்டென்சருக்கும் ஸ்லைடுக்கும் இடையிலும் எண்ணெய் விட்டுப் பயன்படுத்தும் தனி டார்க் ஃபீல்டு கண்டென்சரும், உள்ளே டயாஃப்ரம் கொண்ட அப்ஜெக்டிவும் வேண்டும். துறையில் இல்லையென்றால் 40-இலேயே நில்லுங்கள்.

இந்த முறையில் தூசிதான் எதிரி. ஸ்லைடையும் கவர் ஸ்லிப்பையும் சோப்பு நீரில் கழுவி, ஆல்கஹாலில் துடைத்து, பஞ்சு இழை ஒட்டாமல் உலர்த்துங்கள். ஒரு கைரேகைகூட நட்சத்திரக் கூட்டமாக ஒளிரும்.

8. டார்க் ஃபீல்டுக்கே உரிய மாதிரி: உங்கள் பல்லிடுக்கு

வைக்கோல் நீர் இதிலும் தெரியும். ஆனால் டார்க் ஃபீல்டின் உண்மையான வலிமை மிக மெலிந்தவற்றைக் காட்டுவதில்தான். பின் கடைவாய்ப் பற்களுக்கு இடையே ஈறு ஓரத்தில் சுத்தமான பல்குச்சியால் மெல்லச் சுரண்டி, 5 மைக்ரோலிட்டர் உப்புநீரில் கலந்து உடனே பாருங்கள். 100 மில்லி நீருக்கு 0.9 கிராம் உப்பு. குழாய்நீர் வேண்டாம், அதில் குளோரின் இருக்கும். உங்கள் வாயிலிருந்து மட்டும் எடுங்கள். தோழரின் மாதிரி என்றாலே மனித மாதிரிக்கான அனுமதி பற்றி வழிகாட்டி ஆசிரியரிடம் எழுத்தில் கேட்டாக வேண்டும்.

நடுங்கும் உருண்டைகளுக்கும் அசையாத நீள இழைகளுக்கும் நடுவே, திருகாணி மாதிரி சுருண்ட ஒரு வெள்ளி நூல் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு வளைந்து நெளிந்து போவதைக் காண்பீர்கள். அதுதான் ஸ்பைரோகீட். எல்லார் வாயிலும் எளிதில் கிடைக்காது, ஈறு நலமாக இருந்தால் தேடத்தான் வேண்டும். வாயில் வாழும் பலவற்றின் தடிமன் 0.2 மைக்ரோமீட்டர் அளவே. 40 மடங்கு அப்ஜெக்டிவால் அவ்வளவு சிறிய இடைவெளியைப் பிரித்துக் காட்ட முடியாது. ஆனாலும் இருட்டில் ஒளிர்வதால் இருப்பது தெரிந்துவிடுகிறது. தெரிவதும் அளக்க முடிவதும் வேறு வேறு: டார்க் ஃபீல்டில் பாக்டீரியாவின் தடிமனை அளந்து எழுதாதீர்கள், அது எப்போதும் உள்ளதைவிடப் பருத்தே தெரியும். நீளத்தையும் சுருள்களின் எண்ணிக்கையையும் எழுதலாம். இன்ன இனம் என்றோ, நோய் என்றோ முடிவுகட்ட இந்தப் படம் போதாது.

9. எழுந்து போகும் முன்

100 மடங்கு லென்ஸைத் துடைக்க லென்ஸ் தாள் மட்டும், சட்டை நுனி வேண்டாம். எண்ணெய் போட்ட ஸ்லைடில் 40 மடங்கு அப்ஜெக்டிவைத் திருப்பவே கூடாது. அது எண்ணெய்க்கானதல்ல, முன்முகத்தில் படிந்தால் பலநாள் மங்கலாகவே இருக்கும்.

வைக்கோல் குடுவையைத் தொட்டியில் கொட்டாதீர்கள். ஆல்கஹால் வித்தைக் கொல்லாது, கொதிநீரும் கொல்லாது என்று முதல் நாளே பார்த்தோம். ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸில் வைத்தபின் கொட்டுங்கள். என் துறையில் 30 நிமிடம் வைப்பார்கள். பயன்படுத்திய ஸ்லைடுகளும் பல்குச்சியும் அதே சுற்றில் போகட்டும்.

பதிவேட்டில் நேரத்தோடு கூட, சுழல்தட்டை எந்த எண்ணில் விட்டீர்கள், சென்டரிங் டெலஸ்கோப் எந்த இழுப்பறையில் இருக்கிறது என்ற இரண்டையும் எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.